240 எப்படி 96 ஆனது?

சென்னைப் புறநகரில் அடுக்குமாடி வீடுகள் விற்கும் ஒரு நிறுவனம். ஜூலை முதல் வாரக் கூட்டத்தில் மார்க்கெட்டிங் சொல்கிறது: "ஜூன்ல 240 லீடு கொடுத்தோம்." சேல்ஸ் சொல்கிறது: "எங்க கைக்கு வந்தது 96தான்." அதற்குப் பிறகு கூட்டம் சண்டையாகிறது. சேல்ஸ் மேனேஜர் தன் ஆட்களை உட்கார வைத்து இந்த வித்தியாசத்தை எப்படி விளக்கலாம்? எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. காரணங்கள் தினமும் நடப்பவை.

பெயரும் போன் நம்பரும் கொடுத்து விவரம் கேட்டவரைத்தான் லீடு என்கிறார்கள். மார்க்கெட்டிங் எண்ணுவது நிரப்பப்பட்ட படிவங்களை. சேல்ஸ் எண்ணுவது, பேசிப் பார்த்து "இவர் வாங்கக்கூடும்" என்று நம்பிய ஆட்களை. ஆகவே மேனேஜரின் பேச்சு இப்படித் தொடங்கலாம்: "அவங்க சொல்ற 240ம் சரி, நாம சொல்ற 96ம் சரி. நடுவுல இருக்கிற 144 பேர் எங்கே போனாங்கன்னு பார்ப்போம்."

240 என்பது மூன்று இடங்களின் கூட்டுத்தொகை: ஃபேஸ்புக் 130, கூகுள் 70, வீடு விற்பனைத் தளம் ஒன்றில் 40. ஒருவரே ஃபேஸ்புக்கில் படிவம் நிரப்பி, இரண்டு நாள் கழித்து கூகுளில் தேடியும் விசாரித்திருப்பார். இரண்டு இடமும் அவரைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். மூன்று பட்டியலையும் ஒன்றாக்கி, போன் நம்பரின் கடைசி பத்து இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். முன்னால் +91 இருந்தால் ஒருவர், 0 இருந்தால் வேறொருவர் என்று கணினி நினைப்பதால்தான் கடைசி பத்து. இப்படி 42 கழிந்து 198 ஆகிறது.

அடுத்த 9 பேர் சேல்ஸ் மென்பொருளுக்கு வந்தே சேரவில்லை. ஃபேஸ்புக்கை அதோடு இணைத்து வைத்தவர் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் இணைப்பு அறுந்துபோகலாம். ஒரு சனி, ஞாயிறு முழுக்க அந்த வழியில் ஒரு லீடுகூட வரவில்லை என்றால் அதுதான் அடையாளம். ஃபேஸ்புக்கிலிருந்து லீடு விவரங்களை 90 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் மாதாமாதம் சரிபார்ப்பது அவசியம். என் பார்வையில் 144இல் உண்மையான நஷ்டம் இந்த 9தான். வீடு கேட்டவர்களை யாருமே கூப்பிடவில்லை.

தேதியால் போனவை 18. கூகுள் விளம்பரத்தை ஜூன் 29இல் தொட்டவர் ஜூலை 2இல் படிவம் நிரப்பினால், கூகுளின் வழக்கமான அறிக்கையில் அவர் ஜூன் கணக்கு. சேல்ஸுக்கோ முதல் அழைப்பு போன நாள்தான் கணக்கு. இவர்கள் தொலையவில்லை, ஜூலைப் பட்டியலில் இருக்கிறார்கள். இப்போது 171.

31 பேரைப் பிடிக்கவே முடியவில்லை. ஃபேஸ்புக் படிவத்தில் பெயரும் நம்பரும் பயனரின் கணக்கிலிருந்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எப்போதோ பதிந்த பழைய நம்பர் அப்படியே போய்விடும். அனுப்புமுன் விவரங்களை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் படிவ வகையும் அங்கே உண்டு. அதை வைத்தால் படிவங்கள் குறையலாம், தவறான நம்பர்களும் குறையும். ஆனால் 31ஐயும் மார்க்கெட்டிங் தலையில் கட்ட முடியாது. காலையில் விசாரித்தவரை மறுநாள் மாலை ஒரே ஒருமுறை கூப்பிட்டுவிட்டு "எடுக்கல" என்று எழுதினால், அது நம் பக்கத்துக் குறை. மேனேஜர் இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

மீதி 140 பேரிடம் பேசியாயிற்று. அவர்களில் 44 பேர் வாங்கப் போகிறவர்கள் அல்ல: வாடகைக்கு வீடு தேடுபவர், பட்ஜெட் பாதிகூட இல்லாதவர், புரோக்கர், வேலை கேட்டவர். ஆக 96.

சிக்கல் இந்த 44ஐப் பதிவு செய்வதில் இருக்கிறது. அவசரத்தில் டெலிகாலர் எல்லோருக்கும் "ஆர்வமில்லை" என்றே தட்டிவிடுகிறார். போன் எடுக்காதவரும் அதற்குள்ளேயே போய்விடுகிறார். அப்புறம் 31 எது, 44 எது என்று யாராலும் பிரிக்க முடியாது. "லீடு குவாலிட்டி சரியில்லை" என்ற புகாரைத் தவிர சேல்ஸிடம் சொல்ல எதுவும் இருக்காது. "எடுக்கல", "தப்பு நம்பர்", "பட்ஜெட் இல்லை", "வாடகைக்கு", "புரோக்கர்" என்று ஐந்தாறு காரணங்களைத் தனித்தனியாக வைத்தால் போதும்.

அந்தக் குறிப்பு மார்க்கெட்டிங்குக்குத் திரும்பிப் போக வேண்டும். படிவம் நிரப்புவதே இலக்கு என்று வைத்த விளம்பரத்தை, படிவம் நிரப்பக்கூடியவர்களாகப் பார்த்துத்தான் ஃபேஸ்புக் காட்டும். அவர்களில் யார் சைட் விசிட் வந்தார்கள் என்பதை நாம் தெரிவித்தால் ஒழிய அதற்குத் தெரியாது. தெரிவிக்காதவரை, வாடகைக்கு வீடு தேடுபவர்களுக்கும் அந்த விளம்பரம் போய்க்கொண்டேதான் இருக்கும்.