பில் பணம் லேட் ஆனா: வட்டி நோட்டீஸ் எப்படி எழுதுவது?

ப்ராஜெக்ட் ஆர்டர் எடுத்து சின்னதா ஒரு யூனிட் நடத்துறீங்கன்னு வைச்சுக்குவோம். 1,00,000 ரூபாய்க்கு மெஷின் பாகங்கள் செய்து கொடுத்தீர்கள், 18% ஜிஎஸ்டி சேர்த்து பில் 1,18,000. ஜூன் 1-ம் தேதி பில் போட்டாச்சு. 30 நாளில் பணம், தாமதமானால் ஆண்டுக்கு 18% தனிவட்டி என்பது ஒப்பந்தம். ஜூலை 31 வந்தும் பணம் வரல.

எழுதறதுக்கு முன்னாடி அந்த வட்டி நிபந்தனை எங்க இருக்குன்னு பாருங்க. கொட்டேஷனிலோ பர்ச்சேஸ் ஆர்டரிலோ இருந்து, வாடிக்கையாளர் அதை ஏற்றிருந்தால் பலமாக நிற்கலாம். பில்லின் அடியில் பொடி எழுத்தில் நீங்களா அச்சடிச்சது மட்டும்தான்னா, "நாங்க எப்ப ஒத்துக்கிட்டோம்?" என்று கேட்பார்கள். 30 நாள் பில் தேதியிலிருந்தா, சரக்கு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்தா என்பதையும் அங்கேயே பாருங்க. பாதி தகராறு இதில்தான் வரும். ஏதாவது பாகத்தை அவங்க ரிஜெக்ட் பண்ணியிருந்தா முதல்ல அதை முடிங்க. அது நிலுவையில் இருக்கும்போது வட்டி நோட்டீஸ் அனுப்பினால் சண்டைதான் மிஞ்சும்.

இங்கே பில் தேதியிலிருந்துதான் கணக்கு. கெடு ஜூலை 1, தாமதம் 30 நாள். 1,18,000 × 18% என்றால் ஆண்டுக்கு 21,240. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு சுமார் 58.19 ரூபாய், 30 நாளுக்கு 1,745.75.

கடிதம் இவ்வளவு போதும்:

"வணக்கம். எங்கள் பதிவுகளின்படி ஜூன் 1 தேதியிட்ட பில்லுக்கான ரூ.1,18,000 ஜூலை 1-க்குள் வரவேண்டியது, இன்னும் வந்து சேரவில்லை. தங்கள் பர்ச்சேஸ் ஆர்டரின் கட்டண நிபந்தனைப்படி ஜூலை 31 வரையிலான வட்டி ரூ.1,745.75. அதன்பின் நாளொன்றுக்கு ரூ.58.19 சேரும். கணக்கு இணைப்பில் உள்ளது. ஏற்கெனவே செலுத்தியிருந்தால் யு.டி.ஆர். எண்ணை அனுப்புங்கள். பில்லில் ஏதேனும் ஆட்சேபம் இருந்தால் ஆகஸ்ட் 7-க்குள் தெரிவியுங்கள்."

"எங்கள் பதிவுகளின்படி" என்ற சொல்லைச் சும்மா போடல. பணம் வந்து நாமதான் கவனிக்காம விட்டிருந்தாலும் முகம் சுளிக்க வேண்டியிருக்காது. கோர்ட், வக்கீல் என்ற பேச்சு முதல் கடிதத்தில் வேண்டாம். ஆர்டர் கொடுத்த மேனேஜருக்கு மட்டும் அனுப்பாதீங்க, அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் போகட்டும். செக் போடுறது அவங்கதான்.

நல்ல வாடிக்கையாளர், வட்டியை விட்டுடலாம்னு தோணுதா? தாராளமா விடுங்க. ஆனா "இந்த ஒரு பில்லுக்கு மட்டும், அசல் ஆகஸ்ட் 7-க்குள் வந்தால்" என்று எழுத்தில் கொடுங்க. பேசாம விட்டா அடுத்த பில்லும் 60 நாள் ஆகும், அப்போ வட்டி கேட்டா "போன தடவை கேட்கலையே" என்பார்கள்.

வட்டி வசூலானால் அதற்கும் ஜிஎஸ்டி உண்டு, அதே விகிதத்தில், பணம் கைக்கு வந்த தேதியில். அந்தச் சமயத்தில் டெபிட் நோட் போட ஆடிட்டரிடம் சொல்லிடுங்க.