பிணைப்பு அறும் இடத்தைக் கணக்கில் பிடிப்பது

ஹைட்ரஜன் குளோரைடு வாயுவின் ஊடே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால், சில அலைகளை அது விழுங்கிவிடுகிறது. எந்த அலைகள் என்று பார்த்தே, அதன் இரண்டு அணுக்களையும் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று மதிப்பிடலாம். மூலக்கூறை உடைக்க வேண்டியதில்லை.

அணுக்களுக்கிடையிலான பிணைப்பு சுருள்வில்லைப் போல அதிர்கிறது. அது குறையற்ற வில்லாக இருந்தால், அதிர்வின் ஆற்றல் நிலைகள் சம இடைவெளியில் அடுக்கியிருக்கும். அப்படிப்பட்ட வில் எவ்வளவு இழுத்தாலும் அறாது. உண்மையான பிணைப்போ இழுக்க இழுக்கத் தளர்கிறது. அதனால் மேலே போகப் போக நிலைகள் நெருங்கி வருகின்றன.

அடிநிலையிலிருந்து முதல் நிலைக்கு ஏறும்போது ஹைட்ரஜன் குளோரைடு விழுங்கும் ஒளியில், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் ஏறத்தாழ 2886 அலைகள் அடங்கும். இந்த அலைஎண் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், நிறமாலையியலாளர்கள் ஆற்றலையே இப்படித்தான் சொல்வார்கள். அடிநிலையிலிருந்து நேரே இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலைகளுக்குத் தாவுவதே மேற்சுரங்கள். அவை 5668, 8347, 10923, 13397. ஒன்றிலிருந்து முந்தையதைக் கழித்தால் இடைவெளிகள் கிடைக்கும்: 2886, 2782, 2679, 2576, 2474. ஒவ்வொரு முறையும் சுமார் 103 குறைகிறது.

இப்படியே குறைந்துகொண்டே போனால் ஏறத்தாழ 28 இடைவெளிகளில் எல்லாம் தீர்ந்துவிடும். இடைவெளி இல்லாமல் போகும் அந்த இடத்தில்தான் பிணைப்பு அறுகிறது. எல்லா இடைவெளிகளையும் கூட்டினால் பிணைப்பாற்றல் வந்துவிடும். 1926இல் ரேமண்ட் பர்ஜும் ஹெர்தா ஸ்போனரும் தந்த வழி இது. நம் கணக்கில் விடை சுமார் 41,800.

அளந்தறிந்த மதிப்போ சுமார் 35,760. நாம் ஆறில் ஒரு பங்கு அதிகம் சொல்லிவிட்டோம்! காரணம், ஐந்தே இடைவெளிகளைப் பார்த்துவிட்டு மீதி இருபத்துச் சொச்சத்தையும் அதே நேர்கோட்டில் நீட்டியதுதான். மேல்நிலைகளில் இடைவெளி அந்தக் கோட்டைவிட வேகமாகச் சுருங்குகிறது. இன்னும் நான்கைந்து மேற்சுரங்களை அளந்து வரைபடத்தில் சேர்த்தால், கோடு கீழ்நோக்கி வளைவது கண்ணில் படும். ஆனால் ஒவ்வொரு மேற்சுரமும் முந்தையதைவிட மிக மங்கலானது. வாயுவுக்குள் ஒளி போகும் பாதையை நீட்ட வேண்டியிருக்கும். குளோரினின் இரண்டு ஐசோடோப்புகளும் சற்றே விலகிய தனித்தனிக் கோடுகளைத் தருவதால், அவற்றைக் கலந்து படித்துவிடாமலும் பார்க்க வேண்டும்.

அயோடினில் நிலைமை வேறு. அது கண்ணுக்குப் புலப்படும் ஒளியை விழுங்கிக் கிளர்ந்த நிலைக்குப் போகிறது. அங்கே கோடுகள் நெருங்கி நெருங்கி எல்லையை ஒட்டியே வந்துவிடுகின்றன. ஊகித்து நீட்ட வேண்டிய தூரம் சிறிதே. எல்லை சுமார் 20,040. ஆனால் அங்கே பிரியும் இரண்டு அணுக்களில் ஒன்று கிளர்ச்சியுற்றே வெளியேறுகிறது. அதற்கான 7,603ஐக் கழித்தால்தான் சாதாரண அயோடின் மூலக்கூறின் பிணைப்பாற்றல், ஏறத்தாழ 12,440, கிடைக்கும்.