நீச்சல்குளக் குளோரின்: கழுவினால் எது போகும், எது போகாது?

நீச்சல்குளத்து நீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரின் பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்கும். எப்போதாவது குளிப்பவரை இது அதிகம் பாதிப்பதில்லை. வாரத்தில் ஐந்தாறு நாள் நீந்துபவர்களுக்குத்தான் முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழுகிறது, தோல் வறண்டு அரிக்கிறது, சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் உடம்பில் வாடை நிற்கிறது. இதற்கெல்லாம் ஒரே ஷாம்பூவில் தீர்வு தேடுவது வீண்செலவு. முடியிலும் தோலிலும் ஒட்டியிருக்கும் குளோரின் வேறு, முடியில் படிந்த உலோகம் வேறு, முடிக்கு ஏற்கெனவே ஏற்பட்டுவிட்ட சேதம் வேறு. முதல் இரண்டையும் நீக்கலாம். மூன்றாவதை எந்தப் பொருளும் நீக்காது.

முடியின் மேற்புறத்தை மெல்லிய செதில்கள் மூடியிருக்கின்றன. அவற்றின் மீதுள்ள கொழுப்புப் படலம்தான் முடிக்கு வழவழப்பையும் பளபளப்பையும் தருகிறது. குளோரின் இந்தப் படலத்தை அரித்து, உள்ளே கெரட்டின் புரதத்தைப் பிணைக்கும் கந்தகப் பிணைப்புகளையும் சிதைக்கிறது. முடியை அடர்த்தியான குளோரின் நீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், செதில்களுக்கு அடியில் குமிழிகள் புடைத்து எழுவது தெரியும். 1916-இல் ஆல்வோர்டன் என்பவர் விவரித்த இந்த விளைவு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. குளத்து நீர் அவ்வளவு கடுமையானதல்ல. ஆனாலும் மாதக்கணக்கில் தினமும் நனையும் முடியில் சேதம் சிறுகச் சிறுகச் சேர்கிறது. கருமுடி செம்பட்டையாவதும் இதனால்தான். குளோரினும் வெயிலும் சேர்ந்து முடியின் நிறமியை வெளுக்கின்றன.

சோப்புக்குப் போகாத வாடைக்குக் காரணம், குளோரின் தோலிலும் முடியிலும் உள்ள புரதங்களோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்வது. சோப்பு அழுக்கையும் எண்ணெயையும் நீக்கும். இந்தப் பிணைப்பை உடைக்காது. அதை உடைப்பது வைட்டமின் சி. ஒரு பங்கு குளோரினைச் செயலிழக்கச் செய்ய எடையளவில் ஏறத்தாழ இரண்டரைப் பங்கு வைட்டமின் சி போதும். நீண்ட கூந்தலில் 200 மில்லிலிட்டர் குளத்து நீர் தங்கியிருக்கிறது என்று கொள்வோம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில் அதிலுள்ள குளோரின் 0.4 மில்லிகிராம்தான். அதற்கு வைட்டமின் சி ஒரு மில்லிகிராம் போதும். புரதத்தில் பிணைந்ததற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டாலும், அரை லிட்டர் நீரில் ஒரு கிராம் தூள் தாராளம். அதைத் தெளித்து ஓரிரு நிமிடம் விட்டுக் கழுவினால் வாடை அடங்கும். அஸ்கார்பிக் அமிலத் தூள் புளிப்பானது, வெடித்த தோலில் எரியும். அதற்குப் பதில் சோடியம் அஸ்கார்பேட் தூள் வாங்குவது நல்லது. கரைசல் வைத்திருந்தால் வீரியம் இழந்து மஞ்சளாகும் என்பதால் அன்றன்று கலக்க வேண்டும். நீச்சல்வீரர்களுக்கென்று விற்கும் ஷாம்பூக்கள் பலவற்றில் இதே வேலையைச் செய்வது சோடியம் தயோசல்பேட்.

நரைமுடியும் வெளிர்நிற முடியும் பச்சை பாய்வதற்குக் குளோரின் மீது பழி விழுகிறது. உண்மைக் காரணம் செம்பு. பாசியைத் தடுக்கக் குளத்தில் போடும் மயில்துத்தத்திலிருந்தும் செம்புக் குழாய்களிலிருந்தும் அது நீரில் கலந்து, சேதமுற்ற முடியில் எளிதாகப் படிகிறது. கருமுடியில் பச்சை தெரியாது. இதற்கு வைட்டமின் சி மட்டும் போதாது. உலோகத்தைப் பற்றி இழுத்து வெளியேற்றும் ஷாம்பூ வேண்டும். டைசோடியம் அல்லது டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ. என்ற பெயர் லேபிளில் முன்வரிசையில் இருக்க வேண்டும். சாதாரண ஷாம்பூக்களிலும் இது பட்டியலின் கடைசியில் இருப்பதுண்டு. அந்தச் சிறு அளவு ஷாம்பூ கெடாமல் இருப்பதற்கு உதவுமே தவிர, செம்பை அகற்றாது. உலோகம் நீக்கும் ஷாம்பூ முடியை வறட்டும். ஆகவே வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, உடனே கண்டிஷனர் போட வேண்டும்.

தோலைப் பொறுத்தவரை, குளோரினோடு நெடுநேரம் நீரில் ஊறுவதும் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கரைக்கிறது. கரையேறியதும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு போட்டுக் குளித்து, ஈரம் காயுமுன் கிளிசரின், செராமைடு அல்லது பெட்ரோலியம் ஜெல்லி உள்ள களிம்பு தடவினால் வறட்சி குறையும். திறந்தவெளிக் குளத்தில் நீந்தி உடம்பு கறுப்பது குளோரினால் அல்ல, வெயிலால். அதற்கு நீரில் கரையாத சன்ஸ்கிரீன்தான் மருந்து.

குளத்தில் இறங்குமுன் தலையை நல்ல தண்ணீரில் முழுக்க நனைத்துக்கொண்டால், முடி பிறகு உறிஞ்சும் குளத்து நீர் குறையும். சிறிது தேங்காய் எண்ணெய் தடவித் தொப்பி அணிந்தால் இன்னும் நல்லது, தொப்பி மட்டும் நீரை முழுதாகத் தடுக்காது. முனை பிளந்த முடியை எந்த சீரமும் ஒட்டவைக்காது, வெட்டிவிடுவதுதான் வழி. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் புதுமுடி வளரும். அரிப்பும் தடிப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.