'அஞ்சு நிமிஷத்துல ஆறிடும்!' - சூடான டீ விஷயத்தில் நாம் போடும் தப்புக்கணக்கு

அடுப்பிலிருந்து இறக்கிய டீயை டம்ளரில் ஊற்றி மேஜையில் வைக்கிறோம். முதல் சில நிமிடங்களில் சூடு மளமளவென்று இறங்குகிறது. வாயில் வைக்கவே முடியாமல் இருந்த டீயை, கொஞ்ச நேரத்தில் உறிஞ்சிக் குடிக்க முடிகிறது. 'இந்த வேகத்தில் போனால் கால் மணி நேரத்தில் சில்லிட்டுவிடும்' என்று மனசு ஒரு கணக்குப் போடும்.

அந்தக் கணக்குதான் தப்பு. தொடக்கத்தில் இருக்கும் வேகம் கடைசிவரை இருப்பதில்லை. சூடு குறையக் குறைய, அது குறையும் வேகமும் குறைந்துகொண்டே போகும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், இது தெரிந்தே ஆகவேண்டிய விஷயம்.

சூடு எதைப் பார்த்து ஓடுகிறது?

டீ எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது மட்டும் ஆறும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. டீக்கும் அறைக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதே முக்கியம்.

டம்ளரிலிருந்து சூடு வெளியே போகிறது என்று சொல்கிறோம். உண்மையில் சூடு இரண்டு பக்கமும் போய்வருகிறது. டீ அறைக்குக் கொஞ்சம் கொடுக்கிறது; அறையும் டீக்குக் கொஞ்சம் கொடுக்கிறது. டீ கொதிக்கும் நிலையில் இருக்கும்போது அது கொடுப்பது மிக அதிகம், வாங்குவது குறைவு. அதனால் நிகர இழப்பு பெரிதாக இருக்கிறது. டீ ஆற ஆற, கொடுப்பதும் வாங்குவதும் நெருங்கிவருகின்றன. அறையின் வெப்பநிலைக்கு வந்ததும் இரண்டும் சமமாகிவிடும். அதன் பிறகு டீ ஆறாது.

ஆகவே, ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் இத்தனை டிகிரி என்று டீ ஆறுவதில்லை. அப்போது மிச்சமிருக்கும் வித்தியாசத்தில் ஒரு பங்கை இழக்கிறது. பர்ஸில் 60 ரூபாய் வைத்துக்கொண்டு, தினமும் மிச்சமிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவு செய்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 12 ரூபாய் செலவாகும். இரண்டாம் நாள் 9 ரூபாய் 60 காசு. நாளாக ஆகச் செலவு சுருங்கிக்கொண்டே போகும். பர்ஸ் அவ்வளவு சீக்கிரம் காலியாகாது.

ஒரு டம்ளர் டீயின் அரை மணி நேரம்

இதையே டீக்குப் போட்டுப் பார்க்கலாம். அறை 30 டிகிரி செல்சியஸ். டீ 90 டிகிரி. வித்தியாசம் 60. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். (டம்ளரின் அளவு, வாய் அகலம், ஃபேன் காற்று ஆகியவற்றைப் பொறுத்து இந்தப் பங்கு மாறும்.)

தொடக்கத்தில்: 90 டிகிரி
5-வது நிமிடம்: 78 டிகிரி (12 டிகிரி குறைவு)
10-வது நிமிடம்: 68.4 டிகிரி (9.6 குறைவு)
15-வது நிமிடம்: 60.7 டிகிரி (7.7 குறைவு)
20-வது நிமிடம்: 54.6 டிகிரி (6.1 குறைவு)
25-வது நிமிடம்: 49.7 டிகிரி (4.9 குறைவு)
30-வது நிமிடம்: 45.7 டிகிரி (4 குறைவு)

முதல் ஐந்து நிமிடத்தில் 12 டிகிரி. கடைசி ஐந்து நிமிடத்தில் வெறும் 4 டிகிரி. அதே டம்ளர், அதே டீ, அதே அறை. மாறியது வித்தியாசம் மட்டும்தான்.

இனி மனக்கணக்குக்கு வருவோம். ஐந்து நிமிடத்துக்கு 12 டிகிரி என்ற முதல் வேகம் அப்படியே தொடர்ந்தால், 25-வது நிமிடத்தில் டீ அறையின் வெப்பநிலைக்கே வந்து பச்சைத் தண்ணீர்போல ஆகியிருக்க வேண்டும். ஆனால், அப்போதும் அது கிட்டத்தட்ட 50 டிகிரியில் இருக்கிறது. மனக்கணக்கு 20 டிகிரி ஏமாற்றிவிட்டது!

ஊட்டியில் ஏன் சீக்கிரம் ஆறுகிறது?

இதே டம்ளரை 15 டிகிரி குளிரில் ஊட்டியில் வைத்தால் வித்தியாசம் 60 அல்ல, 75. அதே ஐந்தில் ஒரு பங்கு என்றால் முதல் ஐந்து நிமிடத்தில் 15 டிகிரி போய்விடும். 15-வது நிமிடத்தில் டீ 53.4 டிகிரியில் இருக்கும். 30 டிகிரி அறையில் அதே நேரத்தில் 60.7. 'மலைமேல டீ வாங்கினதும் குடிச்சிடணும்' என்று சொல்வது சும்மா இல்லை.

நியூட்டனும் பழுக்கக் காய்ச்சிய இரும்பும்

வித்தியாசத்துக்கு ஏற்றபடி ஆறும் என்ற இந்த விதிக்கு நியூட்டனின் பெயர்தான். 1701-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், லத்தீன் மொழியில், எழுதியவர் பெயர் இல்லாமல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரும்புக் கட்டி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி, சீராகக் காற்று வீசும் குளிர்ந்த இடத்தில் வைத்தார். அதன்மேல் வெவ்வேறு உலோகத் துண்டுகளை வைத்து, உருகியிருந்த ஒவ்வொன்றும் எப்போது இறுகுகிறது என்று நேரத்தைக் குறித்தார்.

சீரான காற்று என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காற்று வீசாத இடத்தில், டம்ளரைச் சுற்றிய காற்று சூடாகி மேலே எழும்பும். டீ எவ்வளவு சூடோ, அவ்வளவு வேகமாக அந்தக் காற்று கிளம்பும். அதனால் விதி சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சூடு இறங்கும். வெப்பநிலை வித்தியாசம் மிகப் பெரிதாக இருக்கும்போது இந்த விதி அப்படியே பொருந்துவதில்லை என்று டூலாங், பெட்டி என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார்கள்.

ஆவி செய்யும் வேலை

மூடாத டீயில் இன்னொரு பெரிய வழியாகவும் சூடு வெளியேறுகிறது. அதுதான் ஆவி. தண்ணீர் ஆவியாகும்போது, போகிற போக்கில் நிறைய சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். 90 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம், 60 டிகிரியில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அதாவது, சூடு மூன்றில் ஒரு பங்கு குறையும்போது ஆவியின் தள்ளும் சக்தி மூன்றில் ஒரு பங்காகவே சுருங்கிவிடுகிறது. அதனால் திறந்த டம்ளரில் முதல் நிமிடங்களின் வேகம் மேலே போட்ட கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும். பிந்தைய மந்தம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

டீக்கடை மாஸ்டர் ஆற்றும்போது நடப்பதும் இதுதான். ஒரு முழ உயரத்திலிருந்து விழும் டீ மெல்லிய தாரையாக நீளுகிறது. காற்று படும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. ஆவி வேகமாகக் கிளம்புகிறது. கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது ஆற்றும் முதல் ஆற்று இறக்கும் சூட்டை, அதே கையால் ஆற்றும் ஐந்தாவது ஆற்று இறக்காது.

மூடி போட்டால் ஆவியின் வழி அடைபடும். பால் டீயின் மேல் படியும் ஆடையும் ஓரளவுக்கு மூடிபோலத்தான். ஆடை படிந்த டீ மேலே ஆறியதுபோல அமைதியாக இருக்கும். கலக்கினால் உள்ளே சூடு காத்திருக்கும்.

எங்கே ஆபத்து?

60 டிகிரி சூடுள்ள திரவம் தோலில் பட்டால், பெரியவர்களுக்கே சில விநாடிகளில் ஆழமான புண் உண்டாகும். குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் அதைவிடக் குறைந்த நேரமே போதும். நம் கணக்கில் கால் மணி நேரம் கழித்தும் டீ 60 டிகிரிக்கு மேல்தான் இருக்கிறது. 'ஊத்தி ரொம்ப நேரமாச்சே, ஆறியிருக்கும்' என்று சோபா ஓரத்திலோ, தரையிலோ, தொங்கும் மேஜைவிரிப்பின் மேலோ வைப்பது அதனால்தான் ஆபத்து.

ஆவி பறக்கவில்லை என்பதையும் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் வெண்புகை, ஆவி குளிர்ந்து சிறு துளிகளாவதால் உண்டாவது. கோடை மதியத்தில் அது சரியாகத் தெரியாது. டீ சூடாகவே இருக்கும். எவர்சில்வர் டம்ளர் தொட்டதும் சுட்டு எச்சரிக்கும். தடிமனான பீங்கான் கப்பும் இரட்டைச் சுவர் கப்பும் எச்சரிக்காது.

குழந்தைமேல் டீ கொட்டிவிட்டால் நனைந்த துணியை உடனே கழற்றி, புண்பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. ஐஸ், டூத்பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. சிக்கல் டீயில் இல்லை, சூட்டில். நம் கணக்கில் ஆற்றாமல் வைத்த டீ அந்தக் கோட்டைத் தாண்டி இறங்குவது சுமார் 12-வது நிமிடத்தில். நாலு ஆற்று ஆற்றினால் அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

சமையல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் போதும். முதலில் அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். டீயை ஊற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். குளிர்ந்த டம்ளர் உறிஞ்சும் சூடு அதற்குள் அடங்கிவிடும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கலக்கிவிட்டு அளந்து, அதிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழியுங்கள். ஒவ்வொரு வித்தியாசத்தையும் அதற்கு முந்தையதால் வகுத்துப் பாருங்கள்.

மூடிவைத்த டம்ளரில் இந்த எண் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். திறந்த டம்ளரில் தொடக்கத்தில் சிறியதாக இருந்து, போகப்போகக் கூடும். அந்தத் தொடக்க வித்தியாசம்தான் ஆவியோடு போன சூடு.