சார், எந்தச் சொல் புரியவில்லை?

இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ‘என் இங்கிலீஷ் எப்படி இருக்கு, உண்மையைச் சொல்லுங்க’ என்று கேட்காத மாணவர் இல்லை. ‘நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் பழகணும்’ என்பதைத் தவிர அதற்கு என்னால் எதுவும் சொல்ல முடிந்ததில்லை. சென்ற ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த ஓர் இறுதியாண்டு மாணவர் தமிழில் எழுதிய கடிதம் வேறு மாதிரி இருந்தது.

“மதிப்பிற்குரிய சார், போன வாரம் கேம்பஸ் இன்டர்வியூவில் என் ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டவர் இரண்டு முறை ‘பார்டன்?’ என்றார். மூன்றாம் முறை கேட்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நண்பர்கள் நான் நன்றாகத்தான் பேசுகிறேன் என்கிறார்கள். அதே பதிலை 2 நிமிடம் போனில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். எழுதி வைத்துப் படிக்கவில்லை. எந்தெந்தச் சொல் புரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். மார்க் வேண்டாம். நான் வருத்தப்படுவேன் என்று எதையும் விட்டுவிடாதீர்கள் சார்.”

ஒலிப்பதிவைக் கேட்டேன். எல்லாமே புரிந்தது. அதுதான் ஆபத்து. தமிழ்ப் பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தையே நாளெல்லாம் கேட்ட காது, விட்டதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. அதனால் தமிழ் தெரியாத சக ஆசிரியை ஒருவரிடம் கொடுத்து, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொன்னேன். மாணவரிடம் தான் சொல்ல நினைத்ததை எழுதி வாங்கினேன். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது.

பால் குளிரூட்டும் நிலையத்தின் வெப்பநிலையை அளந்து சொல்லும் கருவி அவருடைய ப்ராஜெக்ட். நிலையத்தை ‘சில்லிங் சென்டர்’ என்றார். ஆசிரியை எழுதியதோ, ‘அனுப்புவது’ என்ற பொருள் தரும் இன்னொரு ஆங்கிலச் சொல். தகவல் அனுப்பும் கருவி பற்றிய பேச்சில் அந்தச் சொல்லும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்டர்வியூ எடுத்தவரும் இங்கேதான் குழம்பியிருக்க வேண்டும். தமிழில் எழுதினால் இரண்டும் ‘சென்டர்’தான், ஆங்கிலத்தில் முதலாவதில் ட வல்லோசை, இரண்டாவதில் மெல்லோசை.

இதை அவருடைய கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வன்மையாக ஒலிக்கிறது, ம்-க்குப் பின்னால் வரும் ப மெலிந்துவிடுகிறது. ‘வட்டம்’, ‘வண்டி’ இரண்டிலும் உள்ள ட-வும் அப்படித்தான். மூக்கொலிக்குப் பின் வல்லினம் மெலிவது தமிழ் நாக்கின் பழக்கம். அதே பழக்கத்தில்தான் ‘டெம்பரேச்சர்’, ‘சிம்பிள்’, ‘ட்வென்டி’ எல்லாம் அவர் வாயில் மெலிந்தன. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவிலும் இது நடக்கும். ‘ஓபன்’ என்பதில் உள்ள ப-வை அவர் ‘கோபம்’ என்பதில் வருவதுபோல ஒலித்தார்.

வல்லோசை அவருக்கு வராமல் இல்லை. ‘டீ’, ‘டாக்டர்’ இரண்டுக்கும் தொடக்க எழுத்து ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் சரியாகப் பிரித்துச் சொல்கிறார். அதையே பயிற்சியாக்கினோம். ‘சென்’ என்று சொல்லி ஒரு கணம் நிறுத்த வேண்டும், பிறகு ‘டீ’யில் வரும் ட-வோடு ‘டர்’ சொல்ல வேண்டும். தொண்டையில் விரல் வைத்தால், மெல்லோசைக்கு அதிர்வு விடாமல் ஓடும், வல்லோசைக்கு ஒரு நொடித்துணுக்கு அறுபடும். வேகத்தைப் பிறகுதான் கூட்டினோம்.

இன்னொன்றும் எழுதினேன். ‘டெஸ்டிங் மட்டும்தான் நான் செய்தேன்’ என்று ஆங்கிலத்தில் சொன்னபோது எல்லாச் சொற்களையும் ஒரே அழுத்தத்தில் சொல்லியிருந்தார். தமிழில் ‘தான்’ செய்யும் வேலையை ஆங்கிலப் பேச்சில் பெரும்பாலும் குரலின் அழுத்தம் செய்கிறது. ‘டெஸ்டிங்’ மேலே எழும்பவில்லையென்றால், எது அவருடைய பங்கு என்பது கேட்பவருக்குப் பிடிபடாது.

நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் ஒலிக்குப் பதில் அவர் ‘த’ சொன்னதை நான் குறிக்கவே இல்லை. பல நாட்டினர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலிப் பிசகு புரிதலைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000-இல் வெளிவந்த தம் நூலில் அந்த ஒலியை அவசியமானவற்றில் சேர்க்கவில்லை. குரலழுத்தத்தைச் சேர்த்திருக்கிறார். தமிழ்நாட்டு வகுப்பறைகளில் இது தலைகீழாக நடப்பதைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது பதிவு வந்தது. ‘சென்டர்’ ஐந்து முறை வந்தது, நான்கு தெளிவு. கூட வந்த சீட்டில் அவரே எழுதியிருந்தார்: “1:40-இல் ஒன்று மெலிந்துவிட்டது சார். அனுப்பும் முன்பே எனக்குக் கேட்டுவிட்டது.”