வரவுக் கணிப்பைப் பிரித்துப் படிப்பது

வங்கியிடமோ முதலீட்டாளரிடமோ காட்டும் வருங்கால வரவு செலவுக் கணிப்பில் பெரும்பாலான எண்கள் சூத்திரம் போட்டு வந்தவை. கையால் தட்டிய சில எண்கள்தான் அனுமானங்கள். எக்செல் கோப்பில் அவற்றைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சாதாரண வாக்கியமாக எழுதுவது முதல் வேலை.

கற்பனையாக ஓர் இட்லி மாவுத் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். தினமும் 1,000 பாக்கெட். கடைக்கு விலை 40 ரூபாய். அரிசி, உளுந்து, உறை எல்லாம் சேர்த்து 26 ரூபாய். 30 நாளில் மிஞ்சுவது 4,20,000. வாடகை, சம்பளம், கடன் தவணைக்கு 3,30,000 போனால் கையில் 90,000.

விற்பனை 900 ஆகக் குறைந்தால் 42,000 போகும், தாங்கலாம். உளுந்து ஏறி பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூடினால் 30,000 போகும். கணிப்பில் எழுதப்படாமலே இருக்கும் அனுமானம்தான் ஆபத்தானது: அனுப்பியதெல்லாம் விற்றுவிடும் என்பது. புளித்துத் திரும்பும் பாக்கெட்டில் போவது 14 ரூபாய் லாபமல்ல, முழு 40 ரூபாய். நூற்றுக்கு எட்டு திரும்பினாலே மாதம் 96,000 காலி, தொழில் நஷ்டத்தில். விற்பனையைக் கூட்டக் கடைகளில் அதிகம் திணித்தால் இதுவும் கூடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றிப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் 15 நாள் கடன் கேட்டால் லாபக் கணக்கு அசையாது. ஆனால் 6 லட்சம் வெளியே நிற்கும். முதல் மாதத் தவணைக்கே பணம் இருக்காது.