அசைந்து நிற்கும் மரக்கோபுரம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் மூவர் கோயில் கல்லின் எடையால் நிலைத்திருக்கிறது. ஜப்பானின் நிக்கோ நகரில் 1818இல் மறுபடி எழுப்பிய ஐந்தடுக்கு மரக்கோபுரமோ அசைந்துகொடுத்தே நிற்கிறது. அதன் நடுத்தூண் நான்காம் அடுக்கிலிருந்து சங்கிலியில் தொங்குகிறது. அடிமுனை தரையைத் தொடுவதில்லை. அடுக்குகளின் சுமையையும் அது தாங்குவதில்லை. நிலநடுக்கத்திலிருந்து கோபுரத்தைக் காப்பது இந்தத் தூண்தான் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. ஜப்பானிலேயே உள்ள, தூண் தொங்காத ஹோரியூஜி கோயில் மரக்கோபுரமும் சுமார் 1300 ஆண்டுகளாக நிற்கிறதே! பெரும்பங்கு வேலையைச் செய்பவை, இறுக ஆணியடிக்காமல் கோத்த மர மூட்டுகள். நிலம் அதிரும்போது அவை ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் ஆற்றலைக் குறைக்கின்றன. அடுக்குகளும் ஒரே பாளமாக இல்லாமல் தனித்தனியாக நெளிகின்றன. ஓர் அடுக்கு அளவுமீறி விலகினால் நடுத்தூணில் மோதித் தடைபடும். தூணின் பங்கு அவ்வளவே.